நாவலைப் பிரித்து மேய்ந்த நான்கு மாதம்

எடிட்டரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று நான்கு பக்கக் கடிதம். இன்னொன்று என் நாவல், ஓரமெல்லாம் குறிப்புகளோடு. எண்ணிப் பார்த்தேன், 412 குறிப்புகள். கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மூடினேன். குறிப்புகள் இருந்த கோப்பைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து திருத்த ஆரம்பித்தேன். அதுதான் தப்பு.

அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. கடிதத்தில் இருந்தவை கையில் பிடிபடாத விஷயங்கள். ‘அத்தியாயம் 9 முதல் 14 வரை கதை நகரவில்லை’ என்று எழுதியிருந்தால் அதற்கு என்ன செய்வது? ஓரக் குறிப்புகள் அப்படியில்லை. ‘இந்த வாக்கியத்தில் இரண்டு எழுவாய்’, ‘வெண்மை என்ற சொல் ஒரே பக்கத்தில் ஐந்து முறை’ என்று இருக்கும். திருத்தினால் தீர்ந்தது, ஒரு குறிப்பு குறையும். ஒன்பது நாள் தினமும் இரவு ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து, முதல் ஏழு அத்தியாயங்களை இழைத்து இழைத்துச் சரிசெய்தேன். பிற்பாடு அதில் 5, 6, 7 மூன்றும் நாவலிலேயே இல்லாமல் போயின. முதல் அத்தியாயம் ஆறாம் இடத்துக்குப் போனது, அதுவும் வேறு வாக்கியங்களோடு.

இது என் முதல் நாவல். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சி என்ற பெண்ணின் ஓராண்டு. 27 அத்தியாயம், 84,000 சொல். பேச்சியின் அப்பா மழைக்காலத்தில் அளக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கிறார். அந்தக் கடனைக் கழிக்கத்தான் குடும்பமே உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது பேச்சிக்குத் தெரியவருவது அத்தியாயம் 15-இல்.

பத்தாம் நாள் எடிட்டரைக் கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், சார் என்றுதான் அழைப்பேன். ஏழு அத்தியாயம் முடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கடிதத்துல ஒரு கேள்வி கேட்டிருந்தேனே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?” என்றார்.

“எந்தக் கேள்வி சார்?”

“பேச்சிக்கு என்ன வேணும்?”

பதில் இல்லை. 84,000 சொல் எழுதியிருந்தேன்.

காலண்டர் தாள்

அந்த வார இறுதியில் கணினியைத் திறக்கவில்லை. போன வருடத்துத் தினசரி காலண்டர் அட்டையோடு கிடந்தது. தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் தாளுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதினேன். 27 தாள். ஒவ்வொன்றிலும் ஐந்தே வரி: எந்தத் தமிழ் மாதம் நடக்கிறது, யார் பார்வையில், தொடக்கத்தில் அந்த ஆளுக்கு என்ன தேவை, முடிவில் என்ன மாறியிருக்கிறது, வாசகருக்குப் புதிதாக என்ன தெரிகிறது. நினைவிலிருந்து எழுதக்கூடாது, அச்செடுத்த பிரதியைப் படித்துத்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நினைவில் இருப்பது எழுத நினைத்த நாவல். பிரதியில் இருப்பது வேறு.

27 தாளையும் தரையில் பரப்பியபோது நோய் கண்ணுக்கே தெரிந்தது. 1 முதல் 14 வரை ‘என்ன தேவை’ என்ற வரி பெரும்பாலும் காலி. பேச்சி பார்க்கிறாள், கேட்கிறாள், வாருகிறாள், சுமக்கிறாள், எதையும் தேடவில்லை. 15-இல் அப்பாவின் கடன் சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் அந்த வரியில் எழுத்து விழுகிறது: கடன் எவ்வளவு பாக்கி என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எடிட்டர் சொன்னது 9-14 இழுக்கிறது என்று. நானாக இருந்தால் 9-14-ஐச் சுருக்கியிருப்பேன். சுருக்கினாலும் அது இழுத்திருக்கும், கொஞ்சம் வேகமாக இழுத்திருக்கும், அவ்வளவுதான். வாசகர் வலிக்கிறது என்று கைவைக்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் இன்னொன்று. 9-இல் அலுப்புத் தட்டியதற்குக் காரணம், 4-இலேயே வந்திருக்க வேண்டிய சீட்டு வராததுதான்.

கடிதத்தில் இருந்த பதினோரு விஷயங்களையும் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். நான்கு மட்டும் கட்டமைப்பு சார்ந்தவை: கடன் தெரியவரும் இடம், 5-7-இல் வரும் சிறுவயது நினைவுகள், திடீரென்று தம்பியின் பார்வைக்குத் தாவும் இரண்டு அத்தியாயங்கள், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பாத்திரங்கள். மற்ற ஏழும் காட்சி அளவிலோ வாக்கிய அளவிலோ இருந்தன. நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, எதைச் செய்யப்போகிறேன், என்ன வரிசையில், எதைச் செய்யப்போவதில்லை, ஏன் என்று சாருக்கு அனுப்பினேன். முடிவில் அம்மா ஊரைவிட்டுப் போவதை மாற்றலாம் என்றிருந்தார். அதை மட்டும் மறுத்தேன். அம்மா போகாவிட்டால் பேச்சி அளத்தில் தங்குவது தேர்வாக இருக்காது, வழக்கமாகிவிடும் என்று காரணம் சொன்னேன். ‘சரி, அப்போ அம்மா போறதுக்கு 20-லயே விதை போடுங்க’ என்று ஒரு வரி பதில் வந்தது. இந்த ஒரு பக்கம் இல்லாமல் தொடங்கியிருந்தால், மூன்று மாதம் கழித்து இதே விவாதம் நடந்திருக்கும்.

மழை இல்லாமல் கூரை ஒழுகுமா

சீட்டை 15-இலிருந்து 4-க்குக் கொண்டுவர வேண்டும். தாளை எடுத்து இடம் மாற்ற ஒரு நொடி. அதற்குப் பின்னால் வந்ததுதான் வேலை.

15-இல் சீட்டு எப்படிக் கிடைக்கிறது? ஐப்பசி மழை. பாத்தியெல்லாம் தண்ணீர், அளத்தில் வேலை கிடையாது, எல்லோரும் வீட்டில். ஓலைக்கூரை ஒழுகுகிறது. பேச்சி ஏறி ஓலையை விலக்கும்போது, இடுக்கில் பாலிதீன் பையில் சுற்றிச் செருகிவைத்த சீட்டு விரலில் தட்டுகிறது. நாவலிலேயே எனக்குப் பிடித்த காட்சி.

பழைய வரிசையில் அத்தியாயம் 4 நடப்பது பங்குனியில். வெயில் ஏறி, உப்பு நன்றாக விளைய ஆரம்பிக்கும் காலம். பங்குனியில் கூரை எப்படி ஒழுகும்?

முதலில் குறுக்குவழிதான் தோன்றியது. கோடை மழை ஒன்றைப் பெய்யவைத்துவிட்டால் என்ன? எழுதியும் பார்த்தேன். காட்சி நின்றது, ஆனால் பாரம் போய்விட்டது. ஐப்பசி மழை என்றால் இரண்டு மூன்று மாதம் கூலி இல்லை என்று அர்த்தம். அந்தக் காலத்தில்தான் முன்பணம் வாங்குவார்கள், சீசனில் உழைத்துக் கழிப்பார்கள். கூரை ஒழுகுவதும் கடன் வாங்குவதும் ஒரே மழையால் நடப்பவை. கோடை மழையில் அந்த முடிச்சு இல்லை, வெறும் தற்செயல்.

அப்பாவின் சட்டைப்பையில் சீட்டு கிடைக்கிற மாதிரி இன்னொன்று எழுதினேன். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கடைசியில் நாவலின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டியதாயிற்று. பழைய நாவல் பங்குனியில் தொடங்கி அடுத்த மாசியில் முடிந்தது. புதியது ஐப்பசியில் தொடங்கி அடுத்த கார்த்திகையில் முடிகிறது. வேலையில்லாத மழைநாட்களில் மூன்று அத்தியாயம், நான்காவதில் கூரை, தையில் பாத்திகளைச் செப்பனிடுவது, அப்புறம் சீசன். இரண்டாவது மழை வரும்போது, அப்பா மறுபடியும் அளக்காரர் வீட்டுப் பக்கம் போகிறாரா என்று பேச்சி பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த முடிவு முன்பு என்னிடம் இல்லை, வரிசையை மாற்றியதால் கிடைத்தது.

விலையும் இருந்தது. பழைய முதல் அத்தியாயம் பேச்சி முதன்முதலாகக் கண் கூச உப்பு வாருவது. அதன் முதல் பத்தியை நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். அந்த ஒன்பது நாளில் மட்டும் மூன்று இரவு அதற்கே போனது. இப்போது அது ஆறாவது அத்தியாயம். ஆறாவதுக்கு வரும் வாசகருக்கு உப்பளம் என்றால் என்ன என்பது தெரியும், கடனும் தெரியும். முதல்முறை அறிமுகப்படுத்தும் தொனியில் இருந்த அந்தப் பத்தி அங்கே உட்காரவே இல்லை. பேச்சி இப்போது பாத்தியைப் பார்க்கும்போது வெண்மையைப் பார்க்கமாட்டாள், எத்தனை நாள் வாரினால் எவ்வளவு கழியும் என்று கணக்குப் போடுவாள். நாற்பது தடவை எழுதிய பத்தியில் ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

கோப்பில் செய்தது

திட்டம் தாளில் முடிந்த பிறகுதான் கணினி. எடிட்டரின் குறிப்புகள் உள்ள கோப்பை அப்படியே பூட்டிவைத்தேன். அதில் கைவைத்தால், ஒரு பத்தியை அழிக்கும்போது அதில் ஒட்டியிருக்கும் குறிப்பும் சேர்ந்து போய்விடும். நகல் எடுத்து வேறு பெயர் கொடுத்து, அதில்தான் வேலை. வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்கெல்லாம் Heading 1 கொடுத்துவிட்டால், இடப்பக்கம் Navigation Pane-இல் தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தால் அத்தியாயம் முழுதும் கூடவே நகரும். வெட்டி ஒட்டும்போது பாதியை விட்டுவிடும் அபாயம் இல்லை. Track Changes-ஐ இந்தக் கட்டத்தில் அணைத்துவிட்டேன். அத்தியாயம் அத்தியாயமாக நகர்த்தும்போது அது பக்கத்தையே சிவப்பாக்கிவிடும், எதையும் படிக்க முடியாது. வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் கடைசியில் பழையதையும் புதியதையும் Compare செய்துகொள்ளலாம்.

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: இந்தச் சுற்றில் வாக்கியத்தைத் தொடுவதில்லை. நகர்த்திய இடத்தில் ஒட்டு தெரிந்தால் @@ என்று போட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவேன். ‘@@ இவளுக்கு இது ஏற்கெனவே தெரியும்’, ‘@@ வெயில் வேண்டாம், மழை’. புதிதாக எழுதிய காட்சிகளையும் கரடுமுரடாகவே விட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. சந்திப்பிழையைப் பார்த்தும் பார்க்காமல் போவது, வாசலில் கிடக்கும் செருப்பைத் தாண்டிப் போகிற மாதிரி, கை பரபரக்கும்.

சிறுவயது அத்தியாயங்கள் மூன்றும் போயின, 9,600 சொல். அவற்றிலிருந்து கதைக்குத் தேவைப்பட்டது இரண்டே தகவல். அவற்றை நான்காம் அத்தியாயத்தில் இரண்டு பத்தியில் வைத்தேன். தம்பியின் பார்வையில் இருந்த இரண்டும் போயின, 5,900. அழித்ததையெல்லாம் தனிக் கோப்பில் போட்டுவைத்தேன். திரும்ப எடுத்தது ஒரே ஒரு காட்சி. அந்த ஒரு காட்சி கற்றுக்கொடுத்தது அதிகம்.

அத்தான் என்ற ஒரு சொல்

அது பேச்சியைப் பெண்பார்க்க வரும் காட்சி. முதலில் தம்பியின் பார்வையில் எழுதியிருந்தேன். நிச்சயமாகும் முன்பே தம்பிக்கு அவர் ‘அத்தான்’ ஆகிவிடுவார், படர்க்கைக் கதைசொல்லலிலும் அப்படியே எழுதியிருந்தேன். ‘அத்தான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். அக்கா வெளியே வரவில்லை.’ இதைப் பேச்சியின் பார்வைக்கு மாற்ற வேண்டும். ‘அக்கா’வை எடுத்துவிட்டுப் ‘பேச்சி’ என்று போட்டால் போதும் என்று நினைத்தேன். சரி, அத்தானை என்ன செய்வது? பேச்சிக்கு அவர் யார்? பெயரைச் சொன்னால் அந்நியம், ‘அவர்’ என்றால் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம், ‘அவன்’ என்றால் மறுத்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. கடைசியில் காட்சி முழுதும் அந்த ஆளுக்குச் சொல்லே வைக்காமல், சொம்பு, செருப்பு, குரல் என்றே எழுதி, அவர் போன பிறகு ஒரே ஒருமுறை ‘அவர்’ என்று போட்டேன்.

தமிழில் பார்வையை மாற்றினால் உறவுப்பெயர்கள் அத்தனையும் மாறும். முதலில் வாக்கியத்தை மெருகேற்றிவிட்டுப் பிறகு பார்வையை மாற்றினால், மெருகு முழுதும் வீண்.

பாத்திரங்களைச் சேர்க்கும்போதும் இதே கதைதான். அளத்து அலுவலகச் சேதியைப் பேச்சி வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு பேர் இருந்தார்கள். லாரியில் மூட்டை ஏற்றும் மாரி, இருபத்து நான்கு வயது. கணக்கெழுதும் அருணாசலம், ஐம்பதைத் தாண்டியவர். மாரியை எடுத்துவிட்டு அவன் வேலையையும் அருணாசலத்துக்கே கொடுப்பது என்று முடிவு. இரவு பதினொரு மணி, கண் எரிச்சல், Replace All அழுத்திவிட்டேன்.

‘மாரிக்கு’ எல்லாம் ‘அருணாசலம்க்கு’ ஆனது. ‘மாரியின்’ என்பது ‘அருணாசலம்யின்’. அதையாவது தேடித் திருத்தலாம். இருபதாம் அத்தியாயத்தில் ஊரே கூடி அருணாசலம்யம்மன் கோயிலில் கொடை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் ‘அருணாசலம்க்காலம் தொடங்கியது’. மாரி என்றால் மழை என்பது மழை நாவல் எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. முந்தைய நாள் நகலுக்குத் திரும்பிப் போய், மாரி வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கையாலேயே மாற்றினேன்.

கையால் மாற்றியதுதான் நல்லதாகப் போயிற்று. பெயர் மட்டுமா மாறுகிறது? மாரி ‘வந்தான்’, அருணாசலம் ‘வந்தார்’. பேச்சி மாரியை ‘நீ’ என்பாள், அருணாசலத்தை ‘அண்ணாச்சி, வாங்க’ என்பாள். மாரி அவளைக் கேலி செய்வான். ஐம்பது வயது ஆள் அதே கேலியைச் செய்தால் காட்சி அசிங்கமாகிவிடும். இரண்டு இடத்தில் கேலியை எடுத்தேன். மூன்றாவது இடத்தில் அருணாசலம் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தில், கடன் சீட்டை எழுதியதே இவர்தான் என்பது பேச்சிக்குப் புரிந்துவிட்டது. எடிட்டர் கேட்டது ஆளைக் குறைப்பது. கிடைத்தது ஒரு திருப்பம்.

அடுத்த சுற்றுகள்

கட்டமைப்புச் சுற்று ஏழு வாரம் எடுத்தது. 27 அத்தியாயம் 24 ஆனது. வெட்டியது 15,500 சொல், புதிதாக எழுதியது 6,200, ஆக 74,700. அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல் இரண்டு நாளில் படித்தேன். பேனா இருந்தால் வாக்கியத்துக்குள் விழுந்துவிடுவேன். அலுப்புத் தட்டிய இடத்தில் பக்க ஓரத்தை மடித்ததோடு சரி. மடிப்பு ஐந்தே இடத்தில் விழுந்தது, நான்கு காட்சியின் அளவு சம்பந்தப்பட்டவை. ஒன்று மட்டும் வரிசைக் கோளாறு. தாளுக்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்தேன். கட்டமைப்பு முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்கவில்லை: காலண்டர் தாள்களை மறுபடி புதிதாக எழுதி, எந்தத் தாளிலும் ‘தேவை’ வரி காலியாக இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

காட்சிச் சுற்றில் @@ எல்லாவற்றையும் தேடித் தீர்த்தேன். அதற்குப் பிறகுதான் பூட்டிவைத்த குறிப்புகளைத் திறந்தேன். 412-இல் 131 நீக்கிய அத்தியாயங்களோடு போயிருந்தன. இன்னும் 74 குறிப்புகளுக்குரிய வாக்கியங்களே இப்போது இல்லை. மிச்சம் 207. இரண்டே வாரத்தில் முடிந்தது. அதில் பெரிய பகுதி பேச்சுவழக்கு: ஒரே ஆள் ஓரிடத்தில் ‘வாரீய’ என்றும் இன்னோரிடத்தில் ‘வர்றீங்க’ என்றும் பேசிக்கொண்டிருந்தார். யார் எப்படிப் பேசுவார்கள் என்று ஒரு பக்கம் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டு, உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படித்துத் திருத்தினேன். அலுவலகத்தில் பேசும்போது அருணாசலத்தின் மொழி மாறும், வீட்டு வாசலில் மாறாது. இதை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் பாதி உரையாடல் மாரியுடையதாக இருந்திருக்கும்.

ஒற்று, சந்தி, நிறுத்தற்குறிகளை விட்டுவிட்டேன். மெய்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் எடிட்டரிடமிருந்து பிரதி திரும்பி வந்தது. 61 குறிப்புகள். அறுபது வாக்கியம் சம்பந்தப்பட்டவை. பதினேழாம் அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் ஒன்று: ‘தம்பி எங்கே? மூணு அத்தியாயமா ஆளைக் காணோம்.’

தம்பியின் பார்வையில் இருந்த அத்தியாயத்தை எடுத்தபோது, அவன் லாரியில் கிளீனராகப் போய்ச்சேர்ந்த தகவலும் அதோடு போயிருக்கிறது. தாளில் ‘வாசகருக்குப் புதிதாகத் தெரிவது’ என்ற வரியில் அதை நானே எழுதியிருந்தேன், அத்தியாயத்தை அழித்தபோது அந்த வரியைத் திரும்பப் பார்க்கவில்லை. பதினான்கின் கடைசியில், அவன் சட்டையில் கிரீஸ் கறையைப் பார்த்து அம்மா ஒன்றும் கேட்காமல் சோப்பை எடுத்துக்கொடுப்பதாக இரண்டு வாக்கியம் சேர்த்தேன். மீதி அறுபதில் இன்றைக்கு முப்பத்தொன்று முடிந்திருக்கிறது.